பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை: ஓட்டிசத்தின் ஆரம்ப அறிகுறிகளை வீட்டில் பார்ப்பதும், திருகோணமலையில் பரிசோதனைக்குப் போவதும்

என் மகனுக்கு ஒன்றரை வயதில் எனக்குச் சந்தேகம் வந்தது. "ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் பேசுவார்கள், மூன்று வயதுவரை பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாய்மார் பலருடன் கிளினிக்குக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "பிள்ளை பேசவில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். வைத்தியருக்குத் தேவையான மற்றத் தகவல்கள் அவர்கள் கையில் இருப்பதில்லை.

இந்த வழிகாட்டி 12 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. பெயருக்குத் திரும்புவது, விரல் நீட்டுவது, முகம் பார்ப்பது ஆகிய மூன்றையும் எப்படிச் சரியாகக் கவனிப்பது, கவனித்ததை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் பார்த்து ஓட்டிசம் (ஆட்டிசம் என்றும் எழுதுவார்கள்) என்று முடிவு கட்ட முடியாது. வைத்தியரிடம் போக வேண்டுமா, போய் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியவரும்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, ஒரு கொப்பி, வீடியோ எடுக்க ஒரு கைத்தொலைபேசி. இவ்வளவும் போதும்.

முதலில் வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். "ஒன்றரை வயது" என்று பொதுவாகச் சொன்னால் 16 மாதமும் அதில் அடங்கும், 20 மாதமும் அடங்கும். இந்த வயதில் நான்கு மாதம் பெரிய இடைவெளி. பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால், எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழியுங்கள். இரண்டு வயதுவரை இப்படித்தான் கணக்கெடுக்க வேண்டும்.

கவனிப்பதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். காய்ச்சல், சளி, பல் முளைக்கும் நோவு, வீடு நிறைய விருந்தினர் உள்ள நாட்களை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் எந்தப் பிள்ளையும் தன் இயல்பில் இருக்காது.

2. பெயருக்குத் திரும்புகிறதா

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் இதுதான் எண்ணிப் பார்க்கக் கூடியது. திரும்பினாரா, இல்லையா என்று கொப்பியில் அடையாளம் போட்டுவிடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி: பிள்ளைக்குத் தெரிந்த பெயர் எது? நம் வீடுகளில் பதிவுப் பெயர் ஒன்று இருக்கும். அம்மம்மா "ராசா" என்பார், தாய் "குட்டி" என்பார், தகப்பன் "தம்பி" என்பார். பதிவுப் பெயரால் கூப்பிட்டு, பிள்ளை திரும்பவில்லை என்று பயந்துபோனவர்களை நான் கண்டிருக்கிறேன். அதிகம் கூப்பிடும் பெயர் ஒன்றைத் தெரிவு செய்து, அந்த வாரம் முழுவதும் எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள்.

பிள்ளை தரையில் இருந்து விளையாடும்போது பாருங்கள். தொலைக்காட்சியும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். உங்கள் முகம் தெரியாதபடி பக்கவாட்டிலோ பின்னாலோ, நான்கைந்து அடி தள்ளி நின்று, வழக்கமான குரலில் பெயரை மட்டும் ஒரு தடவை சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். திரும்பாவிட்டால் இன்னும் ஒரு தடவை. அதோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மூன்று நான்கு நாட்களில் பத்துத் தடவை இப்படிச் செய்தால் போதும்.

பிழை நடப்பது இங்கேதான். பெயரோடு சேர்த்து "வா, பிஸ்கட் தாறேன்" என்கிறோம். பிள்ளை பிஸ்கட்டுக்குத் திரும்புகிறது, நாம் பெயருக்குத் திரும்பியதாக எழுதிவிடுகிறோம். கை தட்டுவதும், தோளைத் தொடுவதும், குரலை உயர்த்துவதும் அப்படித்தான். ஒரே மூச்சில் இருபது தடவை கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடும்.

தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் பதில் தந்ததாக எழுதுங்கள். சத்தத்துக்குத் திடுக்கிட்டுவிட்டு மீண்டும் விளையாட்டில் மூழ்கினால் அது பதில் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்பது, பத்து மாதத்திலேயே பெயருக்குத் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். பன்னிரண்டு மாதம் கடந்தும் பத்தில் பெரும்பாலான தடவைகள் திரும்பவில்லை என்றால் அதைப் பதிந்துகொண்டு அடுத்ததற்குப் போங்கள். இது மட்டும் தனியாக எதையும் சொல்லிவிடாது. காது கேட்காத பிள்ளையும் திரும்பாது.

3. விரல் நீட்டுகிறதா: கேட்பதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். பேச்சு வருமுன்பே பிள்ளையின் மனம் மற்றவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்பது விரலில்தான் தெரியும்.

முதலாவது, நீங்கள் காட்டும் திசையில் பார்க்கிறதா? முற்றத்துக்கு அப்பால் நிற்கும் காகத்தைக் காட்டி "அங்கே பார்" என்று சொல்லுங்கள். ஒரு வயதளவில் பிள்ளை உங்கள் விரல் போகும் திசையில் காகத்தைத் தேடும். சில பிள்ளைகள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், சிலர் எதையுமே கவனிக்க மாட்டார்கள். இரண்டையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுகிறதா? இது பெரும்பாலும் 12 முதல் 14 மாதத்தில் வரும். இதைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளை கேட்பதற்கு ஓர் இடம் விட வேண்டும். நம் தாய்மார் பிள்ளை வாய் திறக்குமுன்பே தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது பாசம். ஆனால் கேட்கத் தேவையே இல்லாத வீட்டில் கேட்கத் தெரியுமா என்பதை அறிய முடியாது. விருப்பமான சாமானை வெளியே தெரியும் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, எட்டாத தட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் அடிக்கடி காண்பது இது: பிள்ளை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உங்கள் கையைத் தூக்கி அந்தப் போத்தலின் மேல் வைக்கும். உங்கள் முகத்தைப் பார்க்காது. கை ஒரு திறப்பைப் போலப் பயன்படும். "என் மகன் நன்றாகக் கேட்பான், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான்" என்று பெருமையாகச் சொன்ன தாய்மார் உண்டு. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். எதுவும் வேண்டாமல், வெறுமனே "இதைப் பார்" என்று காட்டுவதற்காக விரல் நீட்டுகிறதா? ஆகாயத்தில் விமானம், தெருவில் நாய், நிலா. பிள்ளைக்கு அவை எதுவும் கையில் வேண்டியதில்லை. தான் கண்ட ஆச்சரியத்தை நீங்களும் காண வேண்டும் என்பதே நோக்கம். பதினெட்டு மாதத்தில் இது வந்திருக்க வேண்டும். கேட்பதற்கு விரல் நீட்டும் பிள்ளை, காட்டுவதற்கு ஒருபோதும் நீட்டாமல் இருக்கலாம். அதனால் "விரல் நீட்டும்" என்று ஒரே வரியில் எழுதாமல் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இதைப் பார்க்க நம் ஊரில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் சுற்றித் திரியும். உப்புவெளியைச் சேர்ந்த 19 மாதப் பிள்ளை ஒருவனோடும் அவன் தாயோடும் ஒரு மாலை அங்கே போயிருந்தேன். பக்கத்தில் இன்னொரு குடும்பத்துச் சிறுமி, அவளுக்கும் அதே வயதுதான் இருக்கும், மானைக் கண்டதும் கையை நீட்டி "ஆ!" என்றாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி மானைப் பார்த்தாள். எல்லாம் இரண்டு விநாடியில் முடிந்துவிட்டது. நம் பையனும் மானைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். மான் அவனுக்கு ஓர் எட்டில் நின்றது. ஆனால் தாயை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. தாய் "மான், மான்" என்று காட்டியபோதும் அவன் பார்வை அசையவில்லை. பிறகு குனிந்து ஒரு சிறு கல்லை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டத் தொடங்கினான்.

தாய் அந்தச் சிறுமியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, "அக்கா, நான் இதுவரை இதைத் தேடவே இல்லை" என்றார்.

4. முகம் பார்க்கிறதா

இதைக் கடைசியில் வைத்தேன். எல்லோரும் முதலில் கேட்பதும் இதைத்தான், மிக எளிதாகப் பிழைவிடுவதும் இதில்தான். ஓட்டிசம் உள்ள பிள்ளை கண்ணையே பார்க்காது என்று பலர் நினைக்கிறார்கள். பால் குடிக்கும்போது பார்க்கும், தூக்கிச் சுழற்றும்போது பார்க்கும், விருப்பமான பாட்டுக்குப் பார்க்கும். அதை வைத்து "எங்கள் பிள்ளைக்கு அது இல்லை" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

பார்வை எதோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சவர்க்காரக் குமிழிகளை ஊதுங்கள். பிள்ளை மகிழும் நேரத்தில் சட்டென நிறுத்தி, மூடிய போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். வளர்ச்சி வழமையாக உள்ள பிள்ளை போத்தலைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும், மறுபடி போத்தலைப் பார்க்கும். கூடவே ஒரு சத்தமோ சிரிப்போ வரும். பொருளுக்கும் முகத்துக்கும் இடையில் பார்வை இப்படிப் போய்வருவதைத்தான் தேடுகிறோம். போத்தலை மட்டும் பார்த்து அழுவதும், விட்டுவிட்டு நடந்து போவதும் வேறு.

இன்னொன்றும் செய்யலாம். விசையால் ஓடும் புதிய பொம்மை ஒன்றைத் தரையில் விடுங்கள். இது பயப்பட வேண்டியதா என்று தெரியாதபோது பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள முயலும். பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

தாடையைப் பிடித்துத் திருப்பி "என்னைப் பார்" என்று ஒருபோதும் செய்ய வேண்டாம். அப்படிக் கிடைக்கும் பார்வை எதையும் சொல்லாது, பிள்ளைக்கும் தொந்தரவு. அந்நியருக்கு முன் தலை குனிவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். வீட்டு ஆட்களோடு எப்படி என்பதே கேள்வி.

5. ஒரு வாரம் காத்திருக்கக் கூடாத நிலை

சொல்லிக்கொண்டிருந்த சொற்கள், கையசைப்பு, சிரிப்பு ஆகியவற்றைப் பிள்ளை இழந்துவிட்டால் கவனிப்பு, கொப்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். ஒன்றரை வயதை ஒட்டிய காலத்தில் சில பிள்ளைகளுக்கு இது நடக்கும். எந்த வயதில் நடந்தாலும் வைத்தியர் பார்க்க வேண்டிய விடயம்.

12 மாதத்தில் மழலை ஒலியோ, கையசைத்தல் போன்ற சைகையோ இல்லாவிட்டாலும், 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும், 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொற்கள் இல்லாவிட்டாலும் வீட்டுக் கவனிப்பின் முடிவு எதுவானாலும் போக வேண்டும். பாட்டையோ விளம்பரத்தையோ அப்படியே திருப்பிச் சொல்வது இந்தக் கணக்கில் சேராது.

6. எழுதுவதும் வீடியோ எடுப்பதும்

கிளினிக்கில் பிள்ளை அழும், அல்லது தூங்கிவிடும். வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால்தான் வீடியோ தேவை. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாத மூன்று துண்டுகள் போதும்: பெயர் கூப்பிடுவது, குமிழியை நிறுத்துவது, பிள்ளை தன்பாட்டில் விளையாடுவது. தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கையில் பிடித்தால் பிள்ளை தொலைபேசியைப் பார்க்கும். அது உங்கள் முகத்தைப் பார்ப்பதுபோலப் பதிவாகிவிடும்.

கொப்பியில் உங்கள் முடிவை எழுதாமல் கண்டதை எழுதுங்கள். அந்த உப்புவெளித் தாய் முதலில் எழுதியது "பிடிவாதம், சொல் கேட்க மாட்டான்" என்று. திருத்தி எழுதியது இப்படி: "19 மாதம். பெயர் பத்துத் தடவை, திரும்பியது இரண்டு. கேட்க விரல் நீட்டவில்லை, கையை இழுப்பான். காட்ட நீட்டவில்லை. சொல்: 'மா' ஒன்று, அதுவும் என்னைக் குறித்து இல்லை. கார்ச் சில்லைச் சுற்றுவது, ஒரு தடவையில் பதினைந்து நிமிடம்." வைத்தியர் அந்தத் தாளை வாசித்து முடித்துத்தான் பேசத் தொடங்கினார்.

வெறும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் வினாக்கொத்துகள் உண்டு. 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு M-CHAT-R என்ற 20 கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அதன் பழைய வடிவத்தை இலங்கையில் பரிசோதித்தபோது பல பிள்ளைகளைத் தவறவிட்டது. "விரல் நீட்டுமா?" என்று கேட்டால் தாய் "ஓம்" என்றுதான் சொல்வார். நிரப்புங்கள், தடையில்லை. ஆனால் ஓட்டிசத்துக்கான வாய்ப்புக் குறைவு என்று காட்டும் குறைந்த புள்ளி வந்தது என்பதற்காக நீங்கள் கண்ணால் கண்டதைத் தள்ளிவிட வேண்டாம்.

7. முதலில் காது

"டொபி உறை சரசரத்தால் ஓடி வருவான், காதில் குறையில்லை" என்பார்கள். பகுதியாகக் கேட்கும் பிள்ளைக்கும் சில ஒலிகள் நன்றாகக் கேட்கும். நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மந்தமாகும். அதனால் பெயருக்குத் திரும்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிப்புலன் பரிசோதனை வேண்டும். தூக்கத்திலும் செய்யக்கூடிய, நோவில்லாத பரிசோதனைகள் உண்டு. பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. காது முடிவு வரும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டாம். செவிப்புலன் பரிசோதனைக்கான கடிதத்தையும் மற்றக் கடிதங்களையும் ஒரே நாளில் கேளுங்கள்.

8. திருகோணமலையில் எங்கே போவது

முதல் படி உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர். 18 மாதத் தடுப்பூசிக்குப் போகும் நாள் மிகப் பொருத்தம். ஊசிக்கு முன், பிள்ளை அழத் தொடங்குமுன், தாளைக் கொடுங்கள். அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து வைத்தியசாலைக்கும் கடிதம் கிடைக்கும். அந்த நாள் தூரமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், நேரே பணிமனைக்குப் போங்கள்.

அடுத்தது திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் குழந்தை நல வைத்திய நிபுணர் கிளினிக். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க் குடும்பங்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் தொடங்கிக் கடிதத்தோடு வரலாம். அரச கிளினிக்குக்குக் கட்டணம் இல்லை. கிளினிக் நடக்கும் கிழமையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூதூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்று கிளினிக் இல்லை என்று திரும்பிப் போவது கொடுமை.

அங்கே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: செவிப்புலன் பரிசோதனைக்குக் கடிதம், பேச்சு மொழி சிகிச்சையாளருக்குக் கடிதம், சிறுவர் உளநல மதிப்பீட்டுக்குக் கடிதம். "பிள்ளை பேசவில்லை" என்று மட்டும் சொன்னால் பேச்சுச் சிகிச்சைக்கான கடிதம் மட்டுமே கிடைத்து, மற்றவை தள்ளிப்போகும்.

மேலதிக மதிப்பீட்டுக்கு வெளியூர் போக நேர்ந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை பலருக்கு அருகில். மொழியும் தமிழ். கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த ஆயதி நிலையம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் போவதானால், தமிழில் பேசக்கூடியவர் உள்ள நேரத்தை முன்பே கேளுங்கள், அல்லது சிங்களம் தெரிந்த உறவினரைக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாத மொழியில் பெயர் தவிர எதைச் சொன்னாலும் அது திரும்பாது. இரவு ரயிலில் போவதாயின் மறுநாள் காலை நேரத்தை வாங்காமல் பிற்பகலை வாங்குங்கள். தூங்காத பிள்ளையைப் பார்த்து யாரும் சரியாக மதிப்பிட முடியாது.

9. மதிப்பீட்டில் என்ன நடக்கும்

இரத்தப் பரிசோதனையோ, மூளைப் படமோ ஓட்டிசத்தைக் காட்டாது. வேறு காரணங்களைத் தேடவே அவற்றை எடுப்பார்கள். "ஸ்கேன் சுத்தம், அதனால் ஓட்டிசம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்ப்பகாலத்திலிருந்து கேள்வி கேட்டு, பிள்ளையோடு விளையாடி, விளையாடும் விதத்தைப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். "ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம்" என்றால், அந்த ஆறு மாதமும் சிகிச்சை நடக்குமா என்று அங்கேயே கேளுங்கள். பேச்சுச் சிகிச்சை தொடங்க நோயின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை.

உப்புவெளிப் பையனுக்குக் காது சரியாக இருந்தது. மதிப்பீடு முடிய மாதங்கள் சென்றன. ஆனால் 21 மாதத்தில் பேச்சுச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

10. நாள் வரும்வரை வீட்டில்

தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஓட்டிசம் அதனால் வருவதில்லை. முகத்தோடு முகம் வைத்து விளையாடும் நேரத்தை அவை விழுங்கிவிடும் என்பதே காரணம். இதைச் செய்துகொண்டே கிளினிக்குக்கும் போங்கள். "இரண்டு மாதம் போனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவோம்" என்று பயணத்தைத் தள்ளுவதுதான் இப்போது நான் அதிகம் காணும் பிழை.

தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா ஊசி இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. அதற்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று பெரிய ஆய்வுகள் பல காட்டிவிட்டன. இரண்டாவது ஊசியைத் தவிர்த்த பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் அது உண்மையான ஆபத்து.

குமிழி விளையாட்டை நாளுக்கு மூன்று நான்கு தடவை விளையாடுங்கள். இந்த முறை சோதிக்க வேண்டாம். நிறுத்தி, இரண்டு விநாடி காத்து, பிள்ளை உங்களைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஊதுங்கள். பார்த்த நாளின் திகதியைக் கொப்பியில் குறியுங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.